முதல் வாக்கு, 18 வயதில்

படத்தில் இருப்பது என் இடது கை ஆள்காட்டி விரல். நகத்தின் மேல் தொடங்கி முதல் கணு வரை ஓடுகிற அந்தக் கோடுதான் என் முதல் ஓட்டு. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டர் தாண்டி, தெருமுனைக்கு வந்த பிறகு அம்மா எடுத்த படம். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதனால் உள்ளே நடந்ததை எழுதித்தான் சொல்ல முடியும்.

காலை 7 மணிக்குத் திறப்பார்கள் என்று தெரிந்தும் ஆறரைக்கே போய் நின்றேன். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். எனக்கு அடுத்து நின்ற பாட்டி, நான் பூத் சிலிப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "மொத ஓட்டாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "எங்க காலத்துல இருபத்தொண்ணு முடியணும். எனக்குக் கல்யாணம் ஆகி, கையில புள்ளையோட வந்துதான் மொத ஓட்டுப் போட்டேன். பேப்பர்ல முத்திரை குத்தி, மடிச்சுப் பெட்டியில போடுவோம்" என்றார்.

அவர் சொன்னது சரி. 1988-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 61-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. 1989 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது, அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் 18 வயதுக்காரர்கள் முதல்முறையாக வாக்களித்தார்கள். பள்ளியில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். அந்தப் பாட்டியின் பக்கத்தில் நின்றபோதுதான் அந்த மூன்று வருடம் எவ்வளவு நீளம் என்று புரிந்தது. கல்லூரியில் சேர்ந்து, முடித்து, வேலை தேடுகிற வரைக்கும் எனக்குக் குரல் இல்லாமல் இருந்திருக்கும்.

 வாக்காளர் பட்டியலில் சேர முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். அன்றைக்கு 18 முடிந்திருக்காவிட்டால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். 2022-லிருந்து ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்து நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம். நான் அப்படித்தான் படிவம் 6 கொடுத்தேன். வரைவுப் பட்டியல் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் 'யாழினி' என்பது 'யாழனி' என்று அச்சாகியிருந்தது. ஒரு எழுத்துதானே, விட்டுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். என்னால் விட முடியவில்லை. படிவம் 8 கொடுத்து, இறுதிப் பட்டியலில் சரியான பெயரைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

அந்த ஒரு எழுத்துக்கு ஏன் அவ்வளவு பாடு என்று உள்ளே போனதும் தெரிந்தது. முதல் மேசையில் இருந்த அலுவலர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பட்டியலில் வரிசை எண்ணைத் தேடி, அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: "அறுநூத்தி நாப்பத்திரெண்டு. யாழினி." எதிர்ப்பக்கம் அமர்ந்திருந்த முகவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் பட்டியலில் குனிந்தார்கள். ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை. பெயரைச் சத்தமாக வாசிப்பதே அதற்காகத்தான். வந்தவர் அவரேதானா என்று முகவர்களில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். என் பெயரைப் பரிசளிப்பு விழாவில் மைக்கில் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி உடம்பு சிலிர்த்தது இல்லை.

அந்த நொடியில் எனக்கு 1951-52 முதல் பொதுத்தேர்தல்தான் நினைவுக்கு வந்தது. இந்த நாட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஓட்டுரிமை கிடைத்த முதல் தேர்தல் அது. ஆனால் பட்டியல் எடுக்க வீடு வீடாகப் போனபோது, தன் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே எழுதச் சொன்ன பெண்கள் ஏராளம். அப்படிப் பெயர் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கடைசி வரை பெயர் தெரியாமல் போன கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் அந்த முறை பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஓட்டு 'இன்னாருடைய மகளு'க்கு உரியது அல்ல, யாழினிக்கு உரியது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டாவது மேசையில் விரலைத் துடைத்து மை வைத்தார்கள். கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. வெள்ளி நைட்ரேட் கலந்த மை அது. வைத்தபோது வெளிறித் தெரிந்தது, வெளிச்சம் பட்டபின் கறுத்துவிட்டது. பதிவேட்டில் கையெழுத்து. அங்கே தந்த சிலிப்பை மூன்றாவது மேசையில் கொடுத்ததும் அந்த அலுவலர் தன் முன்னால் இருந்த கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி, "போங்கம்மா" என்றார்.

மறைப்புக்குள் நான் மட்டும். வரிசையாகப் பெயர்கள், படங்கள், சின்னங்கள், கடைசியில் நோட்டா. யாரை அழுத்துவது என்று ஒரு மாதமாகப் படித்து, வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அப்படியும் நீலப் பொத்தானின் மேல் விரலை வைத்து ஒரு மூச்சு நின்றேன். அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்த விவிபேட் கண்ணாடிக்குள் சின்னச் சீட்டு ஒன்று வந்து நின்றது. ஏழு நொடி. நான் தேர்ந்தெடுத்த பெயர்தான். சீட்டு அறுந்து உள்ளே விழுந்தது. பீப் சத்தம் நீளமாகக் கேட்டது.

யாருக்குப் போட்டாய் என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். சொல்ல மாட்டேன், கமென்டிலும் கேட்க வேண்டாம். அப்பா கேட்கவே இல்லை. நான் வெளியே வந்ததும் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் விரலையும் பக்கத்தில் வைத்தார். அந்த அறைக்குள் அவருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று, அந்தப் பாட்டிக்கும் ஒன்று. என் கருத்துக்கு முழுதாக ஒருவருடைய எடை கிடைத்த முதல் நாள் இது. நான் தேர்ந்தெடுத்தவர் ஜெயித்தாலும் தோற்றாலும், என் தொகுதியின் உறுப்பினர் எனக்கும் பதில் சொல்ல வேண்டியவர்தான். அதைக் கேட்டு வாங்கப் போகிறேன்.

வகுப்பில் என்னோடு படித்தவர்களே, இன்னும் போகாதவர்கள் இப்போதே கிளம்புங்கள். வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வரலாம். போனை மட்டும் வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். வந்ததும் உங்கள் விரலையும் இங்கே போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.

#முதல்ஓட்டு #பதினெட்டு #என்விரல்மை