தொலைநோக்கியை நிறுத்துவது, பார்ப்பது, பின்தொடர்வது: பள்ளி வானியல் மன்றங்களுக்கான கையேடு

மொழிபெயர்ப்பாளர் சொல்: மூலக் கையேடு 50 பாகை அட்சரேகையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அங்கே துருவ நட்சத்திரம் தலைக்குமேல் உயரமாக நிற்கும். நமக்கோ தென்னை மர உச்சியைத் தாண்டாது. ஆகவே தாங்கி பற்றிய பகுதியை நம் ஊருக்கு ஏற்ப மாற்றி எழுதியிருக்கிறேன். சொற்களில் ‘தாங்கி’, ‘கண்ணருகு வில்லை’ இரண்டையும் முழுவதும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறேன். கடைக்காரர் மவுண்ட், ஐபீஸ் என்பார். மாணவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும்.

எந்தக் காரணத்தாலும் தொலைநோக்கியால் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் ஒரு நொடியில் போய்விடும். பகலில் வெளியே வைத்தால் தேடுகுழலின் வாயையும் மூடிவையுங்கள்.

தாங்கி

இந்தக் கையேடு 130 மி.மீ. ஆடியும் 900 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட, துருவ அச்சுத் தாங்கியுள்ள தொலைநோக்கிக்கானது. முக்காலியைச் சமதரையில் ஊன்றி, முதலில் எதிர் எடையைப் பூட்டுங்கள். அதன்பிறகே குழாயை ஏற்றுங்கள். வரிசை மாறினால் குழாய் சாய்ந்து யார் தலையிலாவது இடிக்கும்.

தாங்கியின் ஓர் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். அதன் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைதான்: கன்னியாகுமரியில் 8 பாகை, மதுரையில் 10, சென்னையில் 13. பக்கவாட்டில் உள்ள அளவுகோலை அந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். துருவ நட்சத்திரம் தெரியாவிட்டால் திசைகாட்டி போதும். தமிழ்நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிரண்டு பாகைக்குமேல் விலகுவதில்லை. இரும்புக் கதவு, மேசைக் கால் அருகில் மட்டும் அதை வைக்காதீர்கள்.

மூலத்தில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடப்பதால், எதிர் எடைத் தண்டு கீழே தொங்கும்போது வடக்குப் பக்கத்துக் காலில் முட்டும். முக்காலியின் ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டையும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் விரித்தால் தண்டு இடைவெளியில் புகுந்து செல்லும். குழாயை ஏற்றும் முன்பே ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.

கண்ணருகு வில்லை

குவியத் தொலைவை வில்லையின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 25 மி.மீ. வில்லையில் 36 மடங்கு; 10 மி.மீ. வில்லையில் 90. எப்போதும் 25-இல் தொடங்குங்கள். அதன் பார்வைப்புலம் அகலம்; நிலாவோ வியாழனோ எளிதில் அகப்படும். நடுவில் கொண்டுவந்த பிறகே 10-க்கு மாற்றுங்கள். மாணவர்கள் ‘இன்னும் பெரிதாக’ என்று கேட்பார்கள். காற்று கலங்கியிருக்கும் இரவில் பெரிதாக்கினால் பெரிதாவது கலங்கல்தான். சனியின் வளையம் 90 மடங்கிலேயே அழகாகத் தெரியும்.

கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருத்திப் பார்க்கலாம். சிதறல் பார்வை உள்ளவர் அணிந்தபடியே பார்க்கட்டும். வில்லையின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. படம் தலைகீழாகத் தெரிவது பழுதல்ல. ஆடித் தொலைநோக்கியின் இயல்பு அது.

பின்தொடர்தல்

வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை மேற்கே நகர்கிறது. 50 பாகைத் தோற்றப்புலம் உள்ள 10 மி.மீ. வில்லை, 90 மடங்கு பெரிதாக்குவதால், வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல்தான் காட்டும். அதில் வியாழன் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இரண்டே கால் நிமிடத்தில் ஓடிவிடும். வரிசையில் நாற்பது பிள்ளைகள் நின்றால் இதுதான் உண்மையான தொல்லை. ‘ஒன்றும் தெரியவில்லை, சார்’ என்று சொல்லத் தயங்கி அடுத்தவருக்கு வழிவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனவே துருவ அச்சைச் சுற்றும் மெதுவசைவுக் குமிழில் ஒரு மாணவரை நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் கண் வைக்கும்முன் அவர் பொருளை நடுவுக்குக் கொண்டுவருவார். அச்சு சரியாக நின்றால் அந்த ஒரு குமிழே போதும். மற்றதைத் தொட வேண்டாம்.

மற்றதையும் தொட வேண்டிவந்தால் அச்சு விலகியிருக்கிறது. சரிபார்க்க ஒரு வழி: ஜனவரி இறுதி இரவு ஒன்பது மணியளவில் ஓரியன் தெற்கே உச்சியில் நிற்கும். அதன் இடைப்பட்டை விண்மீன்களில் மேற்கோரத்தில் இருப்பது வான நடுவரைக்கு மிக அருகில் உள்ளது. அதை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் ஒரே குமிழால் தொடருங்கள். விண்மீன் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது. மேற்கே சற்றுத் திருப்புங்கள். வடக்கே நழுவினால் எதிர்மாறாக. தலைகீழ்ப் படத்தில் திசை குழம்பும். குழாயை வடக்கே மெல்ல அழுத்துங்கள், விண்மீன் விலகும் பக்கமே தெற்கு. மோட்டார் இருந்தாலும் இந்தச் சோதனை வேண்டும். மோட்டார் 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றும், அச்சைத் திருத்தாது.

முடித்தபின் குழாயை முதலில் இறக்குங்கள், எதிர் எடையைக் கடைசியில். பனி படிந்திருந்தால் ஆடியைத் துடைக்காமல், காய்ந்த பிறகே மூடுங்கள்.