ஆறாவது லேன்

"நான் பத்து கிலோமீட்டருக்கே மாத்திக்கறேன் தம்பி."

நேரு ஸ்டேடியத்தின் கேலரிப் படியில் உட்கார்ந்து, கவிதா பாக்கெட் நோட்டை நீட்டினாள். அவளுடைய சுற்று 3 நிமிடம் 6 நொடி, செந்திலுடையது 2:50. கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடம்; மிச்சத்தையும் போட்டு வைத்திருந்தாள். 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு அவளுக்கு 2 மணி 43 நிமிடம் ஆகும். இருவரும் வைத்த இலக்கு இரண்டரை.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்குதுங்கக்கா."

"அஞ்சு வாரத்துல பதிமூணு நிமிசம் எங்கிருந்து வரும்?"

செந்திலிடம் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு வழக்கம்போல ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு சுற்று நடை. கவிதா ஆறாவது லேனுக்குப் போனாள். உள் லேன்களில் அத்லெட் பிள்ளைகள் பறப்பார்கள். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு வெளிப்பக்கம்தான் மரியாதை. செந்தில் முதல் லேன். "டிராக்!" என்று பின்னாலிருந்து கத்தினால் ஒதுங்கி, மறுபடி உள்ளே வந்துவிடுவான். அன்று கோச் விசிலடித்து அவனையும் வெளியே விரட்டினார்.

அதே மூச்சு, அதே கால். வாட்ச் மட்டும் 3:06 காட்டியது. மதியம் அளவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டோமோ என்று நினைத்தான். விரட்டி 2:50க்குக் கொண்டுவந்தான். ஐந்தாவது சுற்றில் விலாவில் சுருக்கென்று பிடித்தது. இடுப்பில் கைவைத்து நின்றபோது கவிதா அதே சீரில் அவனைத் தாண்டிப் போனாள். அந்த வேகத்தில் பேசவும் முடிந்தது அவளுக்கு.

"என்னாச்சு தம்பி?"

நின்ற இடத்தில் குனிந்தவன் கண்ணில் அந்த வெள்ளைக் கோடுகள் பட்டன. 400 மீட்டர் ஓட்டத்துக்கு லேனுக்கு லேன் முன்னே தள்ளிப் போட்ட தொடக்கக் கோடுகள். ஆறாவது லேனில் அது வளைவுக்குள்ளேயே போய்விட்டிருந்தது. முடிவுக் கோட்டிலிருந்து அதுவரை காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தான். கோச் சிரித்தார்.

"38 மீட்டர் தம்பி. வெளிய போகப் போக வட்டம் பெருசு. உள்ள ஓடறவன்தான் சரியா 400 ஓடறான்."

கவிதா பன்னிரண்டு சுற்றும் முடித்து வந்தாள். அவன் நோட்டை வாங்கி 438 என்று எழுதினான். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். 186 நொடிக்கு 438 மீட்டர். 170 நொடிக்கு 400. இரண்டையும் வகுத்தாள். இரண்டும் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 5 நொடி.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெருக்கினாள். "பன்னெண்டு சுத்துக்கு 456 மீட்டர். ஒவ்வொரு நாளும் உன்னவிட அரைக் கிலோமீட்டர் சேத்தி ஓடியிருக்கறேன். இதுல நீ எனக்கு வேகம் சொல்லித் தந்தே."

"தப்புதானுங்கக்கா."

"ஞாயித்துக்கெழம 16 கிலோமீட்டர். ரேஸ்கோர்ஸ்ல ஓடலாம். வளைவுல நான் உள்பக்கம்."