ஊசியும் உறையும்: செல்வம், வறுமை பற்றி ஒரு வகுப்புத் தாள்

பன்னிரண்டாம் வகுப்பு, அறவியலும் இந்தியப் பண்பாடும்
இரண்டு பாடவேளைக்கு உரியது. முதல் பகுதியை வீட்டிலேயே படித்துவிட்டு வரவும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு மரபுகள் ஒரே பொருளைக் கையில் எடுத்திருக்கின்றன: ஊசி. காவிரிப்பூம்பட்டினத்து வணிகராக இருந்து துறவியான பட்டினத்தார் கதையில், மகன் விட்டுச்சென்ற பெட்டியில் கிடந்தது ஒரு காதற்ற ஊசியும் ஓர் ஓலையும். ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்பது அந்த ஓலை. பைபிளில் இயேசு, பணக்காரர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதுக்குள் நுழைவது எளிது என்கிறார். சொத்து நிறைய இருந்த ஒருவர், அதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னதும் முகம் வாடித் திரும்பிப் போன பிறகு சொன்னது அது.

இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். பட்டினத்தார் நினைவூட்டுவது சாவை. இயேசு அந்த மனிதருக்குக் காட்டியது பக்கத்தில் இருக்கும் ஏழையை.

செல்வத்தை வெறுக்காத மரபுகளும் உண்டு. வள்ளுவர் பொருள் இல்லாதவருக்கு இவ்வுலகம் இல்லை என்று நேராகவே சொல்கிறார். பலர் இந்த வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே குறளின் முதல் பாதி, அருள் இல்லாதவருக்கு அவ்வுலகம் இல்லை என்கிறது. இரவச்சம் அதிகாரத்தில் அவர் கோபம் இன்னும் மேலே போகிறது: பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால், உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் (குறள் 1062). வறுமைக்கு ஏழையின் விதியைக் குறை சொல்லாமல் படைத்தவனையே சபிக்கிறார்! புத்தரும் இல்லறத்தாருக்கு உரிய இன்பங்களாக நான்கைச் சொல்கிறார்: பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடனில்லாமல் இருப்பது, பழியில்லாமல் வாழ்வது. சமணம் பற்றுக்கு வரம்பு கட்டச் சொல்கிறது. சீக்கியம் உழைத்து உண், பகிர்ந்து உண் என்கிறது. குருத்வாராவின் லங்கரில் பணக்காரரும் ஏழையும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தில் நான் முக்கியமாகக் கருதுவது இனிமேல்தான் வருகிறது. கொடுப்பது கொடுப்பவரின் கருணையா, வாங்குபவரின் உரிமையா?

இஸ்லாத்தில் ஜகாத் ஒரு கடமை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிப்பு ஓராண்டு கையில் இருந்தால் அதில் 2.5 சதவீதம் கொடுத்தாக வேண்டும். நல்லவர்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்கிறது குர்ஆன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அந்தத் தர்மமே வீண் என்றும் எச்சரிக்கிறது. யூதர்கள் தானத்துக்குப் பயன்படுத்தும் ‘செதாக்கா’ என்ற சொல்லின் வேர் நீதி. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் இருப்பது மேலிருந்து இரண்டாவது. ஒருவர் மறுபடி கையேந்தாதபடி வேலையோ கடனோ கூட்டுத் தொழிலோ அமைத்துத் தருவது உச்சிப் படி.

சரி, இப்போது கதை. கற்பனைதான், ஆனால் நீங்கள் பார்த்திராத கதை இல்லை.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை. பதினோரு வருடமாக அங்கே வேலை செய்யும் அக்காவுக்கு மாதச் சம்பளம் 8,500 ரூபாய். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் தயங்கித் தயங்கி, ‘அண்ணாச்சி, ஒரு ஆயிரத்தஞ்ஞூறு கூட்டிக் குடுங்க’ என்று கேட்டார். முதலாளி நல்ல மனிதர், வெள்ளிக்கிழமைதோறும் கடை வாசலில் அன்னதானம் போடுகிறவர். ‘உனக்குக் கூட்டினா எல்லாரும் கேப்பாங்கம்மா. புள்ள ஃபீஸ நான் பாத்துக்குறேன், போ’ என்றார். சொன்னபடியே செய்தார். ஆயுதபூஜை அன்று, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்தபின், எல்லோர் முன்னிலையிலும் 18,000 ரூபாய் வைத்த உறையைக் கொடுத்தார். ஃபோட்டோ எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். அதில் முதலாளி கேமராவைப் பார்க்கிறார். அக்கா உறையைப் பார்க்கிறார்.

அடுத்த மாதம் அக்கா இரண்டு நாள் லீவு கேட்டபோது முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,500 என்றால் வருடத்துக்கு 18,000. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் அக்கா எதை இழந்தார்? முதலாளி எதைப் பெற்றார்? மைமோனிடிஸின் படிகளில் இந்த உறையை எங்கே வைப்பீர்கள்? ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்ற குறளின்படி இது ஈகைதானா, அல்லது வேறு எதையோ எதிர்பார்த்துக் கொடுத்ததா? முதலாளி பக்கமும் பேச ஆள் வேண்டும்: கடையில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள், எவர்சில்வர் விற்பனையும் முன்போல இல்லை. அவர் ஃபீஸ் கட்டாமலே இருந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நால்வர் நால்வராக உட்காருங்கள். ஒருவர் முதலாளி, ஒருவர் அக்கா, ஒருவர் மகள், ஒருவர் அதே கடையில் உறை கிடைக்காத இன்னொரு ஊழியர். பத்து நிமிடம் பேசிய பிறகு, நீங்கள் ஏற்ற பாத்திரத்துக்கு எதிரான பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். ஏதாவது ஒரு மரபையாவது துணைக்கு அழைக்க வேண்டும்; ஊசி வேண்டாம், அதை நானே எடுத்துக்கொண்டுவிட்டேன். வியாழக்கிழமை நோட்டைக் கொண்டு வாருங்கள்.