உங்கள் ஸ்பான்சர்ஷிப் அழைப்புக்கு எங்கள் பதில்

மதுரை
12 ஜூன் 2025

பெறுநர்:
சந்தைப்படுத்தல் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: மண்ணில்லாமல் சத்துநீரில் 36 செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் கிட் விளம்பரத்தை எங்கள் மாடித்தோட்ட சேனலில் ஏற்க இயலாமை குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் ஜூன் 3 தேதியிட்ட மின்னஞ்சலும், ஒப்பந்த வரைவும், பார்த்துச் சொல்லும்படி அனுப்பிய மாதிரி கிட்டும் வந்து சேர்ந்தன. எட்டு நிமிடத் தனி வீடியோ ஒன்று, ஷார்ட்ஸ் இரண்டு, கமெண்டுகளின் உச்சியில் மூன்று மாதம் நிறுத்திவைக்கும் இணைப்பு, இவற்றுக்கு ரூ. 85,000 என்று நீங்கள் குறித்திருந்த தொகை நியாயமானது. எங்களைத் தேடி எழுதியதற்கு நன்றி. குழுவில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். இந்த விளம்பரத்தை எங்களால் செய்ய இயலாது என்று முடிவெடுத்திருக்கிறோம். பொருளில் குறை கண்டதால் அல்ல. குழாய்களின் கனமும் மூட்டுகளின் பொருத்தமும் நன்றாகவே இருக்கின்றன. எங்கள் பார்வையாளர்களின் மாடிக்கும் தண்ணீருக்கும் அது ஒத்துவராது என்பதே காரணம். அதை விவரமாக எழுதுவது உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறோம்.

முதல் தடை தண்ணீர். எங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள். மீட்டரில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 1,000ஐத் தாண்டுவது அவர்களுக்குப் புதிதல்ல. உங்கள் கையேடு லெட்யூஸுக்குச் சத்துக் கரைசலை 600 முதல் 850 வரை வைக்கச் சொல்கிறது. அதாவது ஒரு சொட்டுச் சத்தும் கலக்காத வெறும் தண்ணீரே அந்த அளவைத் தாண்டி நிற்கிறது. அதிலிருப்பது செடி கேட்கும் சத்தல்ல, பெரும்பாலும் சோடியம், குளோரைடு, பைகார்பனேட் உப்புகள். க்ரோ பேக்கில் வாரம் ஒருமுறை தாராளமாகத் தண்ணீர் விட்டால் அடித்துளை வழியே உப்பில் ஒரு பங்கு வெளியேறிவிடும். உங்கள் கிட்டில் ஒரே தண்ணீர் சுற்றி வரும் 20 லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டுமே குறையும். உப்பு அப்படியே தங்கி நாளுக்கு நாள் ஏறும். பைகார்பனேட் பிஎச் அளவையும் 7க்கு மேல் தூக்கிவிடும். பிறகு சத்தில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. துளிர் இலை மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆர்ஓ தண்ணீர் விட்டால் சரியாகும்தான். குடிக்கவே கேன் வாங்கும் வீட்டில் செடிக்கு ஆர்ஓ ஊற்றுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் மதுரை மொட்டை மாடியில் நிழல்வலை கட்டினாலும் டேங்க் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 35 டிகிரியில் 7 தான் கரையும். வேர் மூச்சுத்திணறும் அந்த நேரத்தில்தான் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி வந்து உட்காரும். வெள்ளையாக இருந்த வேர் பழுப்பேறி, விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரே தண்ணீர் 36 செடிக்கும் சுற்றுவதால் ஒன்றில் வந்தது எல்லாவற்றுக்கும் பரவும். லெட்யூஸ் தப்பினாலும் சூட்டில் தண்டு நீண்டு பூவெடுத்து இலை கசந்துவிடும்.

மின்தடையையும் சொல்ல வேண்டும். உங்கள் அமைப்பில் குழாயின் அடியில் மெல்லிய படலமாகத்தான் நீர் ஓடுகிறது. பம்ப் நின்றால் அந்தப் படலம் வடிந்துவிடும், உச்சிவெயிலில் வேர் வெகு சீக்கிரம் காய்ந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் ஊர்களில் இருப்பவர்கள் எங்களுக்கு நிறைய. "நாலு நாள் ஊருக்குப் போறோம், செடிக்கு யார் தண்ணி ஊத்துறது?" என்று கேட்கும் வீடுகள் அவை. அவர்களிடம் உங்கள் வரைவில் உள்ள "தினமும் கவனிக்கவே வேண்டாம், 30 நாளில் அறுவடை" என்ற வரியை எங்கள் குரலில் படிக்க முடியாது. 2022ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்படியும், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் போதிய அளவு விசாரித்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். விசாரித்ததில் எங்களுக்குக் கிடைத்த பதில்தான் மேலே உள்ளவை.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரூ. 14,500 கொடுத்து வாங்குபவர் கத்தரி, வெண்டை, தக்காளி எதிர்பார்ப்பார். அந்தக் குழாய் கீரைக்கும் லெட்யூஸுக்கும் ஆனது.

உங்கள் கிட் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு போன்ற குளிர்ந்த இடங்கள். மண் பாரம் ஏற்றக்கூடாத பால்கனி. ஏற்கெனவே இன்வெர்ட்டர் உள்ள வீடு. சாலட் இலை விரும்பி வாங்குபவர்கள். அடுக்குமாடி வாழ்க்கை, வீட்டு அலங்காரம் பற்றிய சேனல்களில் இதே வீடியோ நன்றாகப் போகும்.

எந்தச் சேனலில் விளம்பரம் செய்தாலும் ஒன்றை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். சத்து 'ஏ', சத்து 'பி' இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கலக்க வேண்டும் என்ற குறிப்பு கையேட்டின் 11ஆம் பக்கத்தில் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. புதிதாக வாங்குபவர் இரண்டு பாட்டிலையும் ஒன்றாக ஊற்றிவிட்டால் 'ஏ'யிலுள்ள கால்சியமும் 'பி'யிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்து சுண்ணாம்புபோல் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். படிந்த அந்தச் சத்து செடிக்குப் போய்ச் சேராது. முதலில் டேங்கை நிரப்பி, 'ஏ'யை ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன்பின் 'பி' என்று பாட்டில் மூடியிலேயே தமிழில் ஒட்டினால் பாதிப் புகார்கள் வராது.

வேர் எப்போதும் தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும் மிதவைத் தொட்டி மாடல் எதிர்காலத்தில் வந்தால் தெரிவியுங்கள். வெளிச்சம் புகாத, வெப்பம் தடுக்கும் டேங்கும், பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பும் அதில் இருந்தால், பாலக், வல்லாரை வைத்து ஒரு கோடை முழுக்க எங்கள் மாடியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவோம். அந்தச் சோதனைக்குக் கட்டணம் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் அப்படியே வெளியிட நீங்கள் சம்மதித்தால் போதும்.

இனி நடைமுறை விஷயங்கள். ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்திடவில்லை, முன்பணமும் பெறவில்லை. ஆகவே இரு பக்கமும் பாக்கி ஏதுமில்லை. எங்களுக்கென உருவாக்கிய MAADI10 தள்ளுபடிக் கூப்பனை நிறுத்திவிடுங்கள். உங்கள் பிரசார வரைவுப் பக்கத்தில் எங்கள் சேனல் பெயரும் லோகோவும் இருந்தால் அவற்றையும் நீக்க வேண்டுகிறோம். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலும் வெளியீட்டுத் தேதிகளும் எங்களைத் தாண்டிப் போகாது.

மாதிரி கிட்டின் குழாய்களைப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறோம். பம்பில் தண்ணீர் படவில்லை, சத்துப் பாட்டில்கள் நான்கும் சீல் உடைக்காமல் உள்ளன. வந்த அதே பெட்டியில் கட்டித் தயாராக இருக்கிறது. ஜூன் 20க்குள் எந்த நாள் காலை 10 மணி முதல் மாலை 5 மணிக்குள் கூரியர் ஆளை அனுப்பினாலும் கொடுத்துவிடுகிறோம். பாட்டில்கள் திரவம் என்பதால் அவற்றைத் தனிப் பொட்டலமாகக் கட்டியிருக்கிறோம். பதிவு செய்யும்போது இரண்டு பொட்டலம் என்று குறிப்பிடுங்கள்.

நன்றியுடன்,
மாடித்தோட்டச் சேனல் குழுவினர்