வீட்டுக்கடன் முடிந்தபின் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கேட்டு வங்கிக்குக் கடிதம்

மதுரை,
16.07.2025

அனுப்புநர்:
இரா. செல்வக்குமார், செ. மல்லிகா (கூட்டுக் கடன்தாரர்கள்),
ஆனையூர், மதுரை.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு,
மதுரை கிளை.

நகல்: வங்கியின் குறைதீர் அதிகாரி, மண்டல அலுவலகம்.

பொருள்: வீட்டுக்கடன் கணக்கு எண் 30144027716 – முழுத் தொகையும் செலுத்தி 41 நாள் ஆகியும் அசல் சொத்து ஆவணங்கள் தரப்படாதது – ஆவணங்கள், ரசீது ஆவணப் பதிவு, தாமத இழப்பீடு கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. வங்கியின் ஒப்புகை முத்திரையுள்ள ஆவணப் பட்டியல், நாள் 26.02.2014
2. கடன் முடிப்புக் கடிதம், நாள் 05.06.2025
3. எங்கள் கோரிக்கைக் கடிதம், நாள் 09.06.2025
4. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை ஆர்.பி.ஐ/2023-24/60, நாள் 13.09.2023

ஐயா,

2014 பிப்ரவரியில் ரூ.18,00,000 வீட்டுக்கடன் பெற்றோம். நிலுவைத் தொகை ரூ.6,84,312-ஐ 05.06.2025 அன்று ஒரே தவணையாகக் கட்டிக் கணக்கை முடித்தோம். பாக்கி ஏதுமில்லை என்று கிளை அன்றே கடிதம் கொடுத்துவிட்டது. ஆகவே கடன் தீர்ந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. அசல் ஆவணங்கள் இன்னும் கைக்கு வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

பார்வை 4-இல் கண்ட சுற்றறிக்கைப்படி, கடன் முழுமையாகத் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் வங்கி திருப்பித் தர வேண்டும். எந்தப் பதிவேட்டில் அடமானப் பொறுப்பு பதிவாகியிருந்தாலும் அதையும் அதே கெடுவுக்குள் நீக்க வேண்டும். 01.12.2023 முதல் ஆவணம் விடுவிக்க வேண்டிய, வீட்டுக்கடன் உள்ளிட்ட எல்லாத் தனிநபர் கடன்களுக்கும் இது பொருந்தும். கடன் 2014-இல் வாங்கியது என்பதால் பொருந்தாது என்று கிளையில் வாய்மொழியாகச் சொன்னது சரியல்ல. கடன் எப்போது வாங்கப்பட்டது என்பதை அல்ல, ஆவணத்தை எப்போது விடுவிக்க வேண்டும் என்பதையே சுற்றறிக்கை கணக்கில் கொள்கிறது. எங்களுக்கு அந்தக் கெடு 05.07.2025 அன்று முடிந்தது.

வங்கியிடம் ஒப்படைத்த அசல்கள், பார்வை 1-இல் உள்ள வரிசைப்படி:

1. கிரயப் பத்திரம், ஆவண எண் 1126/2014, 14 பக்கம்
2. மூலப் பத்திரம் (கிரயம்), ஆவண எண் 688/1987, 8 பக்கம்
3. செட்டில்மென்ட் பத்திரம், ஆவண எண் 2210/2003, 11 பக்கம்
4. உரிமை ஆவணங்கள் ஒப்படைப்புப் பத்திரம் (எம்.ஓ.டி), ஆவண எண் 1127/2014, 6 பக்கம்
5. 1984 முதல் 2014 வரையிலான வில்லங்கச் சான்று
6. பட்டா
7. கட்டட அனுமதி வரைபடம், மாநகராட்சி முத்திரையுடன், 2 தாள்
8. சொத்து வரி ரசீதுகள், 5

ஜூலை 8 அன்று கிளைக்கு வந்தபோது, மத்திய ஆவணக் காப்பறையிலிருந்து ஏழு ஆவணங்கள் வந்துவிட்டதாகவும், வரிசை எண் 2, அதாவது 1987-ஆம் ஆண்டு மூலப் பத்திரம், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றும் சொன்னார்கள். எட்டும் சேர்ந்தால்தான் கொடுக்க முடியும் என்றார்கள். "அனைத்து அசல் ஆவணங்களையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சிட்ட ஒரு படிவத்தையும் முன்கூட்டியே கையெழுத்திடச் சொல்லி நீட்டினார்கள். அதில் நாங்கள் கையெழுத்திடவில்லை, இனியும் இடமாட்டோம். ஒவ்வொரு ஆவணத்தையும் பக்கம் எண்ணிச் சரிபார்த்து, பட்டியலில் அந்தந்த வரிக்கு எதிரே மட்டும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறோம். வராத ஆவணத்துக்கு எதிரே "பெறப்படவில்லை" என்று எழுதப்பட வேண்டும்.

கைவசம் உள்ள ஏழையும் நிறுத்தி வைக்க எந்தக் காரணமும் இல்லை. அவற்றை உடனே தாருங்கள்.

இனி மூலப் பத்திரம். அதை ஒப்படைக்கும் முன் எடுத்த நகல் எங்களிடம் உள்ளது. தேடுபவர்களுக்கு உதவும் அடையாளங்கள் இவை: எட்டுத் தாளும் முத்திரைத்தாள், நீல மையில் கையால் எழுதியது. நான்காம் தாளின் இடது கீழ் ஓரம் கிழிந்து ஒட்டப்பட்டிருக்கும். முதல் தாளின் பின்புறம் 1 புத்தகம், 412 தொகுதி, 215 முதல் 222 வரை பக்கங்கள் என்று பதிவுக் குறிப்பு இருக்கும். எங்கள் கோப்பு 2019-இல் கிளை இடம் மாறியபோது காப்பறைக்குப் போனதாக உங்கள் அலுவலரே சொன்னார். பத்திரத்துக்குக் கால் முளைத்திருக்காது. கிளையிலிருந்து காப்பறைக்கு அனுப்பிய பட்டியலில் அது எட்டில் ஒன்றாக இருந்ததா, காப்பறை எத்தனை என்று ஒப்புகை கொடுத்தது என்று பார்த்தால் எந்த இடத்தில் தவறியது என்பது தெரிந்துவிடும். வேறொரு செல்வக்குமாரின் கோப்பில் சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அருகருகே உள்ள கணக்கு எண்களின் உறைகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அது கிடைக்காவிட்டால், தொலைந்துவிட்டது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆவணம் முழுதாகவோ பகுதியாகவோ தொலைந்தால், நகல் பெற வங்கியே உதவி, அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அந்த வேலைக்குக் கூடுதலாக 30 நாள் தருகிறது. மொத்தம் 60 நாள், எங்கள் கணக்கில் 04.08.2025 வரை. தொலைந்ததாகச் சொல்லாமல் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றே நாட்களைக் கடத்திவிட்டு, பிறகு இந்தக் கூடுதல் நாட்களையும் கேட்பது நியாயமாகாது. தொலைந்தது உறுதியானால் வங்கி செய்ய வேண்டியவை:

காவல் நிலையத்தில் வங்கியே புகார் கொடுத்து, கண்டறிய இயலவில்லை என்ற சான்று பெற்றுத் தர வேண்டும். எங்களைப் புகார் கொடுக்கச் சொல்லிக் கிளையில் கேட்டார்கள். 26.02.2014 முதல் பத்திரம் வங்கியின் பொறுப்பில் இருந்தது. எங்கள் கையிலிருந்து தொலைந்ததாக நாங்கள் கையெழுத்திட்டால் அது பொய்ப் புகார். நாளிதழ் விளம்பரமும் வங்கியின் பெயரிலேயே, வங்கியின் செலவிலேயே வர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து 688/1987-இன் சான்றிட்ட நகலையும் பெற்றுத் தாருங்கள். இவற்றுடன், அசல் வங்கியின் பாதுகாப்பில் இருந்தபோது தொலைந்தது, யாரிடமும் அடமானமாக வைக்கப்படவில்லை, பின்னாளில் இதனால் எங்களுக்கு நட்டம் வந்தால் வங்கி பொறுப்பேற்கும் என்று வங்கியின் முகப்புத்தாளில், அதிகாரமுள்ள அலுவலர் கையெழுத்துடன் ஒரு உறுதிக் கடிதம் தேவை. நாளை இந்த வீட்டை விற்கவோ வேறு கடன் வாங்கவோ போனால் முதலில் கேட்பது மூலப் பத்திரத்தைத்தான். இந்தக் கடிதம் இல்லாமல் சான்றிட்ட நகலை மட்டும் நீட்டினால், அசல் வேறு எங்கோ அடகில் கிடக்கிறது என்றுதான் சந்தேகப்படுவார்கள்.

அடுத்து ரசீது ஆவணம். எம்.ஓ.டி 1127/2014 பதிவான ஆவணம். கடன் தீர்ந்துவிட்டது என்று வங்கி கடிதம் கொடுப்பதால் மட்டும் அது வில்லங்கத்திலிருந்து இறங்கிவிடாது. வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் அதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வரும் அலுவலரின் பெயரையும் அவருடைய அதிகாரப் பத்திர நகலையும் மூன்று நாள் முன்னதாகத் தந்தால், டோக்கன் எடுத்து வைப்போம். வரைவை முதலில் எங்களுக்குக் காட்டுங்கள். ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: எம்.ஓ.டி-யில் சர்வே எண் 214/3பி என்றுள்ளது. உட்பிரிவு ஆனபின் பட்டாவில் அது 214/3பி2. ரசீதில் இரண்டையும், "பழைய எண் 214/3பி, தற்போதைய உட்பிரிவு 214/3பி2" என்று எழுதி, எம்.ஓ.டி-யின் ஆவண எண், ஆண்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். புதிய எண்ணை மட்டும் எழுதினால், பழைய எண்ணில் வில்லங்கம் போடும்போது எம்.ஓ.டி தனியாகத் தொங்கும். ரசீது அதில் தெரியாது. பதிவான மறுநாளே வில்லங்கச் சான்று எடுத்துச் சரிபார்ப்போம்.

செர்சாய் பதிவேட்டிலும் அடமானம் தீர்ந்ததைப் பதிந்து, அதன் அத்தாட்சி நகலைத் தரவும். கணக்கு "முடிந்தது" என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும். ஈடாகக் கொடுத்த மூன்று காசோலைகளையும் திருப்பித் தரவும்.

கணக்கு முடிந்த ஐந்தாம் நாள், 10.06.2025 அன்று, வழக்கமான மாதத் தவணை ரூ.19,619 எங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து மறுபடியும் பிடிக்கப்பட்டுள்ளது. தானியங்கிப் பிடித்தத்துக்கான ஆணையை ரத்து செய்யாததே காரணம். அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்தி, ஆணையை ரத்து செய்ததற்கான உறுதியையும் தரவும்.

பெற்றுக்கொள்ள இருவரும் நேரில் வர வேண்டும் என்று கிளை கேட்டிருந்தது. செ. மல்லிகா கோயம்புத்தூரில் பணிபுரிவதால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் இணைத்துள்ளோம். கடன் கணக்கு இருந்த மதுரைக் கிளையிலேயே பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். எந்த இடம் என்பதைத் தேர்வு செய்ய சுற்றறிக்கை கடன்தாரருக்கே உரிமை தருகிறது. காப்பறை உள்ள சென்னைக்கு எங்களை வரச் சொல்ல வேண்டாம்.

இழப்பீடு பற்றி. வங்கியின் காரணமாக ஏற்படும் தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.5,000 என்பது சுற்றறிக்கையின் விதி. 06.07.2025 முதல் இன்று வரை 11 நாள், ரூ.55,000. கைவசம் உள்ள ஏழு ஆவணங்களும் எங்களிடம் வரும் நாள் வரை இது நாளுக்கு ரூ.5,000 வீதம் கூடும். எங்கள் பக்கம் தாமதம் எதுவுமில்லை, 09.06.2025 கடிதத்தின் எங்கள் பிரதியில் கிளை முத்திரை உள்ளது. தாமதத்துக்கான காரணத்தைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டியது வங்கியின் கடமை. இதுவரை எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

இக்கடிதத்தைப் புகாராகப் பதிந்து புகார் எண் தரவும். 23.07.2025-க்குள் ஏழு ஆவணங்களும், மூலப் பத்திரத்தின் நிலை பற்றிய எழுத்துப்பூர்வப் பதிலும், ரசீது பதிவு செய்யும் தேதியும் எங்களுக்கு வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிட்டாலோ, வரும் பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்வோம். சுற்றறிக்கை தரும் இழப்பீடு வேறு சட்டங்களின் கீழ் எங்களுக்குள்ள உரிமைகளைப் பாதிக்காது என்பதையும் குறிப்பிடுகிறோம்.

தொடர்புக்கு, கடன் கணக்கில் பதிவான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறவில்லை.

இப்படிக்கு,

இரா. செல்வக்குமார்
செ. மல்லிகா

இணைப்பு:
1. ஆவணப் பட்டியல் நகல் (26.02.2014)
2. கடன் முடிப்புக் கடித நகல்
3. 09.06.2025 கடிதம், கிளை முத்திரையுடன், நகல்
4. மூலப் பத்திர நகல், 8 தாள்
5. 10.06.2025 பிடித்தம் காட்டும் கணக்கு அறிக்கை
6. செ. மல்லிகாவின் அதிகாரக் கடிதம், அடையாள அட்டை நகல்

(நேரில் ஒரு பிரதி கிளையில் கொடுக்கப்படுகிறது, மற்றொன்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது.)