கேவியட் மனு

கும்பகோணம் முதன்மைச் சார்பு நீதிபதி அவர்கள் சமூகம்
2025-ஆம் ஆண்டு கேவியட் மனு எண் 37
(1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், பிரிவு 148ஏ-யின் கீழ்)

1. காமாட்சி அம்மாள், வயது 78, காலஞ்சென்ற சு. இராமலிங்கம் அவர்களின் மனைவி, கும்பகோணம் நகரில் கீழே தபசில் 2-இல் கண்ட வீட்டில் வசிப்பவர்.
2. இரா. மங்கையர்க்கரசி, வயது 52, மேற்படி இராமலிங்கம் அவர்களின் மூத்த மகள், தஞ்சாவூரில் வசிப்பவர்.
... கேவியட் மனுதாரர்கள்

எதிராக

1. இரா. செல்வராஜ், வயது 49, மேற்படி இராமலிங்கம் அவர்களின் மகன்.
2. செ. கார்த்திகேயன், வயது 26, 1-ஆம் எதிர்மனுதாரரின் மகன்.
இருவரும் சுவாமிமலையில் ஒரே முகவரியில் வசிப்பவர்கள்.
... எதிர்பார்க்கப்படும் வழக்குதாரர்கள், எதிர்மனுதாரர்கள்

கேவியட் மனுதாரர்கள் மிகப் பணிவுடன் சமர்ப்பிப்பதாவது:

1. மனுதாரர்கள் தங்கள் வழக்கறிஞர் இரா. தமிழ்மணி மூலம் இம்மனுவைத் தாக்கல் செய்கிறார்கள். நீதிமன்ற அறிவிப்புகளையும் எதிர்த்தரப்பின் நகல்களையும் கும்பகோணம் நீதிமன்ற வளாக வழக்கறிஞர்கள் அறையில் அவரிடம் சார்பு செய்யலாம். 1-ஆம் மனுதாரரின் முதுமையைக் கருதி, தமக்குத் தனியே அறிவிப்பு அனுப்பத் தேவையில்லை என்றும் வழக்கறிஞருக்குத் தரும் அறிவிப்பே போதும் என்றும் அவர் சம்மதிக்கிறார்.

2. காலஞ்சென்ற இராமலிங்கம் அவர்கள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராக 1998 ஜூலையில் பணி ஓய்வு பெற்றவர். தபசில் 1-இல் கண்ட நஞ்சையை 1979-ஆம் ஆண்டிலும், தபசில் 2-இல் கண்ட வீட்டை 1986-ஆம் ஆண்டிலும் பதிவு பெற்ற கிரையப் பத்திரங்கள் மூலம் தம் சம்பளச் சேமிப்பிலிருந்து வாங்கினார். இவை அவருடைய சுயார்ஜித சொத்துகள். பூர்வீகம் என்று சொல்ல அவற்றில் ஒரு செண்டும் இல்லை.

3. அவர் 14-10-2024 அன்று தமது 84-ஆவது வயதில் காலமானார். மனைவியாகிய 1-ஆம் மனுதாரர், மூத்த மகளாகிய 2-ஆம் மனுதாரர், தற்போது சிங்கப்பூரில் வசிக்கும் இளைய மகள், மகனாகிய 1-ஆம் எதிர்மனுதாரர் ஆகிய நால்வருமே அவருடைய வாரிசுகள் என்று வட்டாட்சியர் 18-12-2024 அன்று வழங்கிய வாரிசுச் சான்று கூறுகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவுகள் 8 மற்றும் 10-இன்படி நால்வருக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு சேர வேண்டும். 2-ஆம் எதிர்மனுதாரர் பேரன். தந்தை உயிருடன் இருக்கையில் வாரிசுரிமைப்படி அவருக்குப் பங்கு ஏதும் இல்லை.

4. இந்நிலையில் 1-ஆம் எதிர்மனுதாரர் தம் வழக்கறிஞர் மூலம் 3-2-2025 தேதியிட்ட அறிவிப்பு ஒன்றை மனுதாரர்களுக்கு அனுப்பினார். இராமலிங்கம் அவர்கள் 21-9-2024 அன்று ஓர் உயில் எழுதி வைத்ததாகவும், அதன்படி நஞ்சை தமக்கும் வீடு தம் மகனுக்கும் சேர்ந்துவிட்டதாகவும், 1-ஆம் மனுதாரர் அவ்வீட்டில் தங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே இருந்து வருவதாகவும், 15 நாட்களுக்குள் காலி செய்யாவிட்டால் உரிமை விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் கோரி இம்மாண்பமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்படும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. உயிலின் ஜெராக்ஸ் நகல் உடன் இணைக்கப்பட்டிருந்தது. அந்த 15 நாள் கெடு இன்னும் ஓரிரு நாட்களில் முடிகிறது. எனவே வழக்குடன் இடைக்கால மனுக்களும் எந்த நாளும் தாக்கலாகலாம் என்று மனுதாரர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

5. மேற்படி உயிலை மனுதாரர்கள் அடியோடு மறுக்கிறார்கள். அதன் உண்மைத்தன்மையை இக்கட்டத்தில் தீர்மானிக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. அது சாட்சிகளை விசாரித்துத் தெளிய வேண்டிய பொருள். எனினும் தங்களைக் கேளாமல் ஓர் உத்தரவு ஏன் பிறக்கக்கூடாது என்பதை விளக்க, உயிலின் முகப்பிலேயே தெரியும் சில செய்திகளைச் சமூகத்தின் பார்வைக்கு வைப்பது தங்கள் கடமை என்று கருதுகிறார்கள்.

6. இராமலிங்கம் அவர்களுக்கு 12-9-2024 அன்று பக்கவாதம் ஏற்பட்டு வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றுபோனது. அன்று இரவே அவர் தஞ்சாவூரில் உள்ள மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, 27-9-2024 அன்றுதான் வீடு திரும்பினார். அந்த 15 நாட்களும் 1-ஆம் மனுதாரர் அவருடைய கட்டிலருகே இருந்தார். இரவு முறையை 2-ஆம் மனுதாரர் ஏற்றார். ஆனால் 21-9-2024 தேதியிட்ட உயிலோ, அவர் கும்பகோணத்தில் தம் சொந்த வீட்டில் இருந்தபடி, நல்ல நினைவுடனும் பூரண சுயபுத்தியுடனும், தாமே வாசகம் சொல்லி எழுதுவித்ததாகக் கூறுகிறது. சேர்க்கைச் சீட்டும், தினசரி சிகிச்சைக் குறிப்பும், வெளியேற்றச் சுருக்கமும் அவர் அன்று எங்கே இருந்தார் என்பதைக் காட்டும். பேச்சிழந்த ஒருவர் வாசகம் சொன்னது எவ்வாறு என்பதற்கு உயிலில் விளக்கம் இல்லை.

7. உயிலில் கையொப்பம் இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை மட்டுமே உள்ளது. வலது கை செயலிழந்த ஒருவர் ரேகை வைப்பது இயல்பே. அதை மட்டும் கொண்டு உயில் பொய் என்று மனுதாரர்கள் வாதிட முன்வரவில்லை. ஆயினும் 2024 ஜூலையில் ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கருவூலம் சென்றபோதுகூடத் தெளிவாகத் தமிழில் கையொப்பமிட்ட ஓர் ஆசிரியர் ஏன் ரேகை வைத்தார் என்று உயில் ஒரு வரியும் சொல்லவில்லை; அவருடைய நோய் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. உயில் பதிவு செய்யப்படவில்லை. சான்றொப்பமிட்டவர்களில் ஒருவர் 1-ஆம் எதிர்மனுதாரரின் உரக்கடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவிக்கு, குடியிருந்துவரும் வீட்டில் ஆயுட்கால வசிப்புரிமைகூட இல்லாதவாறு ஒருவர் உயில் எழுதுவாரா என்ற கேள்வியும் எழுகிறது. அப்படி எழுத மனுதாரர்கள் அறிந்தவரை எந்த மனத்தாங்கலும் அவர்களுக்கிடையே இருந்ததில்லை.

8. உயிலைச் சுற்றிச் சந்தேகத்திற்கிடமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றை அகற்றி நீதிமன்றத்தின் மனச்சான்றை நிறைவு செய்யும் பொறுப்பு உயிலை முன்வைப்பவரையே சாரும் என்று 1959-ஆம் ஆண்டில் எச். வெங்கடாசல ஐயங்கார் எதிர் பி.என். திம்மஜம்மா வழக்கில் மாண்பமை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 63 கோரும் இரு சான்றொப்பங்கள் இருந்தாலும், 2023-ஆம் ஆண்டு பாரதீய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 67-இன்படி சான்றொப்பமிட்ட ஒருவரையாவது விசாரித்து உயிலை மெய்ப்பித்தாக வேண்டும். வழக்கின் முதல் நாளில் வெறும் பிரமாண வாக்குமூலத்துடன் ஜெராக்ஸ் நகலைக் காட்டுவது இவற்றில் எதற்கும் ஈடாகாது.

9. மனுதாரர்கள் 10-2-2025 அன்று பதில் அறிவிப்பு அனுப்பி, அசல் உயிலைப் பார்வையிட அனுமதி கேட்டார்கள். இன்றுவரை பதில் இல்லை. இவ்வாண்டுச் சம்பா அறுவடையை 1-ஆம் எதிர்மனுதாரர் தாமே முடித்து நெல்லை எடுத்துச் சென்றுவிட்டார். அதன் கணக்கு, மனுதாரர்கள் தொடரவிருக்கும் பாகப்பிரிவினை வழக்கில் கேட்கப்படும். இங்கே அது பொருளன்று.

10. அவசரம் வீட்டைப் பற்றியது. எதிர்மனுதாரர்கள் தாங்களே அனுபவத்தில் இருப்பதாகச் சொல்லி, கட்டளை 39 விதிகள் 1 மற்றும் 2-இன் கீழ் ஒருதலைப்பட்சமாக இடைக்கால உறுத்துக்கட்டளை பெற்றுவிட்டால், 1986 முதல் அதே வீட்டில் வாழ்ந்து, கணவரின் உயிர் பிரிந்ததும் அங்கேயே கண்ட 78 வயதுத் தாய், தம் சமையலறைக்குள் நுழைவதற்கே உத்தரவை மீறியவர் என்று குற்றம் சாட்டப்படும் நிலைக்குத் தள்ளப்படுவார். பின்னர் அவ்வுத்தரவை நீக்கக் கோரி மனுச் செய்ய வழி உண்டு என்பதும், 30 நாட்களுக்குள் அதனை முடிக்க முயல வேண்டும் என்று விதி 3ஏ கூறுவதும் மனுதாரர்கள் அறிந்ததே. ஆனால் அந்த முப்பது நாட்களை அவர் எங்கே கழிப்பது? அவ்வீட்டின் மின் இணைப்பு, சொத்து வரி ரசீது, குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு ஆகிய எல்லாவற்றிலும் உள்ள முகவரி அவருடைய அனுபவத்தைக் காட்டும். நீதிமன்றம் தங்களைக் கேட்டால் இவற்றை அன்றே முன்வைக்க மனுதாரர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

11. விதி 3-இன்படி எதிர்த்தரப்புக்கு அறிவிப்புத் தருவதே பொது நெறி. காலதாமதத்தால் நோக்கமே குலைந்துவிடும் என்ற நிலையில் மட்டும், காரணங்களைப் பதிவு செய்து, அறிவிப்பின்றி உத்தரவிடலாம். மனுதாரர்கள் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கட்டிடத்தை மாற்றவோ முயலவில்லை, முயலவும் மாட்டார்கள். ஆகவே அந்த விதிவிலக்குக்கு இங்கு இடமில்லை.

12. எதிர்மனுதாரர்கள் வழக்குத் தொடர்வதைத் தடுப்பது மனுதாரர்களின் நோக்கமன்று. மேற்சொன்ன வாரிசுரிமையாலும் அனுபவத்தாலும், எதிர்பார்க்கப்படும் இடைக்கால மனுக்களின் விசாரணையில் ஆஜராகிச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்பது மட்டுமே அவர்களுடைய நிலைப்பாடு. பிரிவு 148ஏ-யின் உட்பிரிவு 2-இன்படி இக்கேவியட் அறிவிப்பு எதிர்மனுதாரர்கள் இருவருக்கும் 15-2-2025 அன்று ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவஞ்சலில் அனுப்பப்பட்டுள்ளது. அஞ்சல் ரசீதுகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. உட்பிரிவு 4-இல் கூறியபடி, எதிர்மனுதாரர்கள் தாக்கல் செய்யும் மனு மற்றும் ஆவணங்களின் நகல்களைத் தங்கள் செலவில் பெற்றுக்கொள்ள மனுதாரர்கள் சம்மதிக்கிறார்கள்.

13. இக்கேவியட் தாக்கல் நாளிலிருந்து 90 நாட்கள், அதாவது 18-5-2025 வரை, அமலில் இருக்கும். அக்காலம் கோடை விடுமுறையையும் தொடுவதால், விடுமுறைக்கால நீதிமன்றத்தில் மனுத் தாக்கலானாலும் இக்கேவியட்டின் விவரம் அங்கே தெரியும்படி பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டுகிறார்கள்.

ஆகவே, கீழே தபசிலில் கண்ட சொத்துகளைப் பொறுத்து எதிர்மனுதாரர்களோ, அவர்கள் வழி உரிமை கோருபவர்களோ தாக்கல் செய்யும் வழக்கிலோ நடவடிக்கையிலோ, தற்காலிக உறுத்துக்கட்டளை, கட்டளை 40 விதி 1-இன் கீழ் ரிசீவர் நியமனம், கட்டளை 26 விதி 9-இன் கீழ் வழக்கறிஞர் ஆணையர் நியமனம், உள்ள நிலை தொடரும் உத்தரவு அல்லது வேறு எவ்வித இடைக்கால உத்தரவையும், மனுதாரர்களுக்கு முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து அவர்கள் தரப்பைக் கேளாமல் பிறப்பிக்க வேண்டாம் என்று சமூகம் கருணை கூர்ந்து உத்தரவிடுமாறு பிரார்த்திக்கிறார்கள்.

சொத்து தபசில்

1. தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணம் வட்டம், சுவாமிமலை, புல எண் 112/3-இல் ஏக்கர் 1.85, புல எண் 112/4-இல் ஏக்கர் 1.35, ஆக நஞ்சை ஏக்கர் 3.20. வடக்கில் பாசன வாய்க்கால், கிழக்கில் வண்டிப்பாதை, தெற்கிலும் மேற்கிலும் பிறருடைய நஞ்சைகள்.

2. மேற்படி வட்டம், கும்பகோணம் நகரில் கிழமேல் 28 அடி, தென்வடல் 78 அடி, ஆக 2,184 சதுர அடி மனையும், அதில் உள்ள ஓட்டு வீடு, பின்கட்டு மாடி, கிணறு, மின் இணைப்பு உள்பட.

சரிபார்ப்பு

மேலே கண்ட மனுவை வழக்கறிஞர் தமிழில் படித்துக் காட்ட, 1-ஆம் மனுதாரராகிய நான் கேட்டுப் புரிந்துகொண்டேன். 2-ஆம் மனுதாரராகிய நான் நானே படித்துப் பார்த்தேன். சட்டம் பற்றிய பாராக்கள் வழக்கறிஞர் சொல்லி நாங்கள் நம்புபவை. மற்றவை எங்கள் சொந்த அறிவிலும் எங்கள் வசமுள்ள ஆவணங்களிலும் இருந்து சொல்லப்பட்டவை. எல்லாம் உண்மை என்று கும்பகோணத்தில் 17-2-2025 அன்று ஒப்பமிடுகிறோம்.

(ஒப்பம்) காமாட்சி அம்மாள்
(ஒப்பம்) இரா. மங்கையர்க்கரசி
கேவியட் மனுதாரர்கள்

(ஒப்பம்) இரா. தமிழ்மணி
கேவியட் மனுதாரர்களின் வழக்கறிஞர்