செய்முறை 4: ஆக்சாலிக் அமிலத்தின் எடையை மதிப்பிடுதல்
மேல்நிலை இரண்டாம் ஆண்டு – வேதியியல் செய்முறைக் கையேடு

நோக்கம்

கொடுக்கப்பட்ட 500 மி.லி கரைசலில் கரைந்துள்ள படிக ஆக்சாலிக் அமிலத்தின் எடையைக் கண்டறிதல். இதற்காக 0.1024 N ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் (திட்டக் கரைசல்), தோராயமாக 0.1 N வலிமையுள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் (இணைப்புக் கரைசல்) ஆகியவை தரப்பட்டுள்ளன.

தத்துவம்

அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட், ஃபெரஸ் உப்பையும் ஆக்சாலிக் அமிலத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. இரண்டு வினைகளிலும் மாங்கனீஸ் +7 நிலையிலிருந்து +2 நிலைக்கு இறங்குகிறது.

2KMnO₄ + 10FeSO₄ + 8H₂SO₄ → K₂SO₄ + 2MnSO₄ + 5Fe₂(SO₄)₃ + 8H₂O

2KMnO₄ + 5H₂C₂O₄ + 3H₂SO₄ → K₂SO₄ + 2MnSO₄ + 10CO₂ + 8H₂O

முதல் தரம் பார்த்தலில் பெர்மாங்கனேட்டின் வலிமை தெரிந்துவிடும். அதை வைத்து இரண்டாவதில் ஆக்சாலிக் அமிலத்தின் வலிமையைப் பிடிக்கிறோம். தனியாக நிறங்காட்டி தேவையில்லை, பெர்மாங்கனேட்டே தன் நிறங்காட்டி.

தேவையான கருவிகளும் பொருள்களும்

கண்ணாடித் திருகு பொருத்திய 50 மி.லி பியூரெட், 20 மி.லி பிப்பெட், பிப்பெட் பல்பு, 250 மி.லி கூம்புக் குடுவை, பியூரெட் தாங்கி, புனல், வெள்ளைப் பீங்கான் ஓடு, முக்காலி, கம்பிவலை, பன்சன் அடுப்பு, வெப்பமானி, கழுவுகுப்பி, நீர்த்த கந்தக அமிலம், வாலை வடிநீர்.

ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்ட பழைய பியூரெட் அலமாரியில் கிடந்தால் எடுக்காதீர்கள். பெர்மாங்கனேட் ரப்பரையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், கரைசலின் வலிமை மாறிவிடும்.

செய்முறை

*தரம் பார்த்தல் 1: பெர்மாங்கனேட் – திட்ட ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்*

பியூரெட்டை முதலில் வாலை வடிநீராலும், பிறகு பெர்மாங்கனேட் கரைசல் சிறிதளவாலும் அலசுங்கள். கரைசலை நிரப்பி, திருகுக்குக் கீழே உள்ள முனையில் காற்றுக்குமிழ் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருகை ஒரு நொடி முழுதாகத் திறந்து மூடினால் போய்விடும். புனலை எடுத்துவிட்டு சுழிக்கு மட்டத்தைக் கொண்டுவாருங்கள். புனலை அப்படியே விட்டால் அதில் தொங்கும் சொட்டு நடுவில் விழுந்து அளவீட்டைக் கெடுக்கும்.

மட்டம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறையைப் படிப்போம். பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா, கீழ்ப்பிறை கண்ணுக்குத் தெரியாது. எனவே மேல்மட்டத்தைப் படியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மேல்மட்டத்தையே படிக்க வேண்டும், கண் அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

பிப்பெட்டைத் திட்டக் கரைசலால் அலசி, 20 மி.லி எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுங்கள். குடுவையை வாலை வடிநீரால் மட்டுமே கழுவியிருக்க வேண்டும். பிப்பெட்டின் நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுங்கள். கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள், அது உள்ளே தங்குவதைக் கணக்கில் வைத்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

சுமார் 20 மி.லி நீர்த்த கந்தக அமிலம் சேருங்கள். குடுவையை ஓட்டின் மேல் வைத்து, சுழற்றிக்கொண்டே பெர்மாங்கனேட்டை விடுங்கள். விழுந்த இடத்தில் நிறம் உடனே மறையும். மறையத் தாமதமாகும்போது சொட்டுச் சொட்டாக மாறிக்கொள்ளுங்கள். ஒரே சொட்டில் தோன்றும் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை. குடுவை ரோஸ் மில்க் போல ஆகிவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

*தரம் பார்த்தல் 2: பெர்மாங்கனேட் – ஆக்சாலிக் அமிலம்*

பிப்பெட்டை நன்றாகக் கழுவி, ஆக்சாலிக் அமிலத்தால் அலசி, 20 மி.லி எடுங்கள். அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60–70 °C வரை சூடாக்குங்கள். குடுவையின் கழுத்தைத் துணியால் பிடித்து இறக்கிச் சூட்டோடு தரம் பாருங்கள்.

முதல் சில சொட்டுகளின் நிறம் சட்டென்று மறையாது. அதை முடிவுநிலை என்று நினைத்து 0.3 என்று எழுதிவிட்டு வந்து நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுத்திருந்து சுழற்றுங்கள். கொஞ்சம் மாங்கனீஸ் சல்ஃபேட் உருவானதும் அதுவே வினையூக்கியாகி வேகம் பிடிக்கும். அப்புறம் முதல் தரம் பார்த்தலைப் போலத்தான்.

இரண்டு அளவீடுகள் ஒத்துவரும்வரை ஒவ்வொன்றையும் திரும்பச் செய்யுங்கள்.

மாதிரி அளவீடுகள்

| தரம் பார்த்தல் | எண் | தொடக்கம் (மி.லி) | முடிவு (மி.லி) | ஒத்த மதிப்பு (மி.லி) |
|---|---|---|---|---|
| 1 | 1 | 0 | 20.5 | |
| 1 | 2 | 0 | 20.3 | |
| 1 | 3 | 0 | 20.3 | 20.3 |
| 2 | 1 | 0 | 19.6 | |
| 2 | 2 | 0 | 19.6 | 19.6 |

கணக்கீடு

V₁N₁ = V₂N₂

பெர்மாங்கனேட்டின் வலிமை = (20 × 0.1024) / 20.3 = 0.1009 N

ஆக்சாலிக் அமிலத்தின் வலிமை = (19.6 × 0.1009) / 20 = 0.0989 N

500 மி.லி-யில் உள்ள எடை = (0.0989 × 63) / 2 = 3.115 கிராம்

பியூரெட்டில் 0.1 மி.லி தவறினால் இந்த விடையில் ஏறத்தாழ 16 மில்லிகிராம் மாறும். பக்கத்து மேசை அளவீட்டைப் பார்த்து எழுதுவதும் உதவாது, உங்கள் குடுவையில் இருக்கும் கரைசலின் வலிமை வேறு.

முன்னெச்சரிக்கைகள்

ஆக்சாலிக் அமிலம் நச்சு. பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது, பல்பைப் பயன்படுத்துங்கள்.

கரைசலைக் கொதிக்க விடாதீர்கள், ஆக்சாலிக் அமிலம் சிதைந்துவிடும். ஆறவிட்டாலும் வினை மெதுவாகும். நடுவில் ஆறிவிட்டால் மீண்டும் சூடாக்கிக்கொள்ளலாம்.

குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் வந்தால் கந்தக அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை வேகமாக விட்டீர்கள். அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

கந்தக அமிலத்தை நீர்க்கும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும்.

முடிந்ததும் பியூரெட்டை உடனே கழுவுங்கள். பழுப்புக் கறை படிந்திருந்தால் அமிலம் கலந்த ஆக்சாலிக் கரைசல் சிறிது விட்டால் போகும். விரலில் பட்ட கறைக்கு எலுமிச்சைச் சாறு போதும்.

வாய்மொழி வினாக்கள்

*ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் சேர்ப்பதில்லை?*
பெர்மாங்கனேட் அதைக் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்யும். அதற்கும் பெர்மாங்கனேட் செலவாவதால் அளவீடு கூடிவிடும்.

*அப்படியானால் நைட்ரிக் அமிலம்?*
அதுவே ஆக்சிஜனேற்றி. பெர்மாங்கனேட்டின் வேலையில் பங்குபோடும், அளவீடு குறையும்.

*ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்குகிறோம், ஃபெரஸ் உப்பை ஏன் சூடாக்குவதில்லை?*
ஃபெரஸ் அயனி அறை வெப்பநிலையிலேயே வேகமாக வினைபுரியும். சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை ஃபெரிக் ஆக்கிவிடும்.

*பெர்மாங்கனேட்டை ஏன் முதல்நிலைத் திட்டப்பொருளாகக் கொள்வதில்லை?*
அதில் மாங்கனீஸ் டைஆக்சைடு மாசு இருக்கும், வெளிச்சத்திலும் சிதையும். பழுப்புப் புட்டியில் வைப்பது அதனால்தான்.

*பெர்மாங்கனேட்டின் சமான எடை எவ்வளவு?*
அமில ஊடகத்தில் 158 / 5 = 31.6. ‘அமில ஊடகத்தில்’ என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் தேர்வாளர் அங்கிருந்தே அடுத்த கேள்வியைத் தொடங்குவார்.

*படிக ஆக்சாலிக் அமிலத்துக்கு 63 எப்படி வந்தது?*
மூலக்கூறு எடை 126. அதில் இரண்டு நீர் மூலக்கூறுகளும் அடக்கம். இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதால் 126 / 2.

*கூம்புக் குடுவையைக் கரைசலால் அலசினால் என்ன?*
அலசியதில் ஒட்டியிருக்கும் கரைசல் 20 மி.லி-யோடு சேர்ந்துவிடும். வாலை வடிநீர் தங்கினால் பரவாயில்லை, அமிலத்தின் மோல் எண்ணிக்கை அதனால் மாறாது.